கரியர் பிரேக்குக்குப் பிறகு மீண்டும் வேலை: எந்தப் புத்தகத்தை முதலில் படிக்கலாம்?

2016-ல் குழந்தைக்காக வேலையை விட்ட ஓர் அக்கவுண்டன்ட், இப்போது மறுபடியும் வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலையில் இருந்தபோது வாட், சேவை வரி. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. ‘எல்லாமே மறந்துபோச்சு, இனிமே யாரு வேலை கொடுப்பாங்க?’ என்று பயப்படுகிறார்.

இந்தப் பயத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திறமை போய்விட்டதா? அல்லது தெரிந்த விவரம் பழசாகிவிட்டதா? இரண்டுக்கும் வேறு வேறு புத்தகம் வேண்டும்.

முதலில், திறமையைக் கண்டுபிடிக்க

ரிச்சர்ட் போல்ஸ் எழுதிய ‘வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்?’ 1970-ல் வெளிவந்தது. அதில் ஒரு பயிற்சி உண்டு. வாழ்க்கையில் செய்து முடித்த ஏழு காரியங்களைக் கதையாக எழுத வேண்டும்: என்ன நோக்கம், என்ன தடை, படிப்படியாக என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது. பிறகு ஒவ்வொரு கதையிலும் எந்தத் திறமை வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

நம் அக்கவுண்டன்ட்டின் ஒரு கதை இது: ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது பேங்க் ஸ்டேட்மென்ட்டும் லெட்ஜரும் 40,000 ரூபாய் இடித்தது. மூன்று நாள் ஒவ்வொரு என்ட்ரியாகப் பார்த்து, இரண்டு முறை பதிவான செக்கைப் பிடித்தார். இன்றைய ஜிஎஸ்டி வேலையில், கொள்முதல் கணக்கை போர்ட்டலில் வரும் GSTR-2B-யோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைப் பிடிப்பதற்கும் இதே கண்தான் தேவை. அது பழசாகவில்லை. அபார்ட்மென்ட் சங்கத்துக்குக் கணக்கு பார்த்ததையும் இந்த ஏழில் சேர்க்கலாம்.

அடுத்து, பழசானதைப் புதுப்பிக்க

இதற்குத் தன்னம்பிக்கை நூல் உதவாது, ஜிஎஸ்டி பாடநூல்தான் வேண்டும். வாங்கும் முன் வரி விகிதப் பக்கத்தைப் புரட்டுங்கள். 5, 12, 18, 28 என நான்கு அடுக்குகளை இப்போதைய விகிதமாகச் சொன்னால் அது பழைய பதிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரண்டு அடுக்குகளுக்குள் வந்துவிட்டன.

கடைசியாக, ஆட்களைத் தேட

கரோல் ஃபிஷ்மன் கோஹன், விவியன் ஸ்டியர் ராபின் எழுதிய ‘பேக் ஆன் தி கரியர் ட்ராக்’ 2007-ல் வந்தது. கோஹன், தானே 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நிதித் துறைக்குத் திரும்பியவர். பழைய சகாக்கள் மனதில் நாம் வேலையை விட்ட அன்றைய நிலையிலேயே நிற்கிறோம் என்பது அவர் வலியுறுத்தும் விஷயம். தன் மேல் தனக்கே சந்தேகம் வந்திருந்தாலும், பழைய மேனேஜர் அந்த 40,000 ரூபாயைக் கண்டுபிடித்தவராகத்தான் அவரை நினைத்துக்கொண்டிருப்பார். முதல் போனை அவருக்குப் போடலாம். அமெரிக்க நூல் என்பதால், அதில் வரும் கம்பெனித் திட்டங்கள் எல்லாம் இங்கே பொருந்தாது.

மூன்றையும் அட்டை முதல் அட்டை வரை படிக்கத் தேவையில்லை. ஆனால் ஏழு கதைகளையும் எழுதாமல் அடுத்த புத்தகத்தை ஆர்டர் செய்தால், அது வேலை தேடுவதைத் தள்ளிப்போடுவதுதான்.