மலிவான புரத உணவுகளை ஒப்பிட்டறியும் முறை

புதுச்சேரிப் பட்டணத்துப் பெரிய மார்க்கெட்டில் கவலை மீன் கூறு வைத்து விற்கப்படுவதுண்டு. துவரம்பருப்பை நிறுத்தும், முட்டையை எண்ணியும், பாலை அரை லிட்டர் பையிலும் வாங்குகிறார்கள். அளவைகள் இவ்வாறு வேறுபடுவதால், இவற்றுள் எது மலிவு என்று கேட்டால், கையினின்று கொடுக்கும் தொகை எதற்குக் குறைவோ அதையே பெரும்பாலோர் சொல்லுவர். அது பிழை. மகளிர் சுய உதவிக் குழுவினருக்குக் கால் மணி நேரம் பேசச் செல்பவர், சத்துக்களின் பெயர்களையெல்லாம் அடுக்காமல், இப்பிழையைத் திருத்தும் ஒரு கணக்கை மட்டும் கற்பித்தாலே போதுமானது.

அக்கணக்காவது, பத்து கிராம் புரதத்திற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது. பதார்த்தங்களிலுள்ள சத்தைக் காட்டும் அட்டவணை 1937-ஆம் வருஷத்திலேயே குன்னூர் ஆராய்ச்சிசாலையிலிருந்து அய்க்ராய்டு என்பவரால் வெளியிடப்பட்டது. அந்த ஸ்தாபனம் பின்னர் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 2017-இல் புதிய அட்டவணையை வெளியிட்டது. இவ்வட்டவணைகளின்படி ஒரு கிலோ துவரம்பருப்பில் ஏறக்குறைய 220 கிராம் புரதம் இருக்கிறது. அதாவது 22 பத்து கிராம்கள். கிலோ ரூ.150 என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், 150-ஐ 22-ஆல் வகுக்க, ஏறக்குறைய ரூ.7 வருகிறது. பாசிப்பருப்புக்கும் வேர்க்கடலைப் பருப்புக்கும் வகுக்கும் எண் 24. முட்டை ஒன்றில் சுமார் ஆறரை கிராம் உண்டு. மூன்று முட்டைகளை 20 கிராமாகக் கொள்ளலாம். முட்டை ஒன்று ரூ.6.50 ஆனால் பத்து கிராமுக்கு ஏறக்குறைய ரூ.10 ஆகும். அரை லிட்டர் பாலில் 16 கிராமே உள்ளது, ரூ.25 கொடுத்து வாங்கினால் பத்து கிராமுக்கு ரூ.15-க்கு மேற்படும். விலை நாளுக்கு நாள் மாறும்; வகுக்கும் எண்களோ அநேகமாக மாறுவதில்லை. ஆகையால் அவ்வெண்களையே பெண்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மீனில் ஒரு சங்கடம் உண்டு. தலை, குடல், முள் ஆகியவை நீங்கினால் ஒரு கிலோவில் சுமார் 600 கிராமே உண்ணக் கிடைக்கும். அதில் புரதம் 110 கிராம் அளவாதலால் வகுக்கும் எண் 11. கூறாக வாங்குவோர் ஒரு முறையாவது அதை வீட்டிலோ கடையிலோ நிறுத்துப் பார்த்தல் நலம். மீன் மிகுதியாக வந்திறங்கும் நாளில் சிறு மீன் முட்டையைவிட மலிவாகிவிடுதல் கூடும். வரத்துக் குறைந்த நாளில் அவ்வாறன்று.

இனி, கணக்கு சரியாயிருந்தும் ஏமாறும் இடம் சாம்பார்ப் பாத்திரம். மேற்கூறிய 220 கிராம் என்பது உலர்ந்த பருப்புக்கே உரியது; வெந்த பருப்பில் பெரும்பகுதி நீர். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் நூறு கிராம் பருப்பைப் போட்டுச் சாம்பார் வைத்தால், தலைக்கு நாலரை கிராம் புரதமே சேரும். அது ஒரு முட்டைக்கும் குறைவு. பருப்பு மலிவு என்பது உண்மை, ஆனால் போதுமான அளவு போட்டால்தான் அம்மலிவு பயன்படும். பேசுபவர் நூறு கிராம் பருப்பை ஒரு தட்டில் கொட்டி ஐந்து பங்காகப் பிரித்துக் காட்டினால், நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

மேலும், எல்லாப் புரதமும் ஒரே தரமுடையதன்று. அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆதலால் சோறும் பருப்பும் சேர்ந்தே ஒன்றையொன்று நிரப்புகின்றன. முட்டை, மீன், பால் ஆகியவற்றின் புரதம் தனியாகவே நிறைவுடையது, எளிதில் செரிப்பதும்கூட. எனவே விலை வித்தியாசம் சொற்பமாயின், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முட்டையையே தெரிந்தெடுப்பது நியாயம்.

ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள ஸ்திரீக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் வேண்டுமென்று 2020-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை கூறுகிறது. 300 கிராம் அரிசியிலிருந்து சுமார் 22 கிராம் கிடைக்கும். மீதம் 24 கிராமுக்கு, 50 கிராம் பருப்பு, ஒரு முட்டை, 30 கிராம் வேர்க்கடலை ஆகியவை போதும். வேர்க்கடலை கிலோ ரூ.140 ஆயின், இம்மூன்றுக்கும் சேர்த்து ரூ.18 அளவே செலவாகும். பூசணம் பிடித்ததும், சுருங்கிக் கசப்பதுமான கடலையை வறுத்தாலும் நஞ்சு முற்றும் நீங்காது. அதை எறிந்துவிட வேண்டும்.

டப்பாக்களில் விற்கும் சத்து மாவுகளுக்கும் இக்கணக்கே பொருந்தும். நூறு கிராமுக்கு 10 கிராம் புரதம் என்று சீட்டில் குறித்துள்ள அரை கிலோ டப்பா ரூ.300 ஆனால், பத்து கிராமுக்கு ரூ.60 ஆகிறது. பருப்பு விலையைப்போல் எட்டு மடங்குக்கு மேல்! சிறுநீரக நோயுடையவர்கள் மட்டும் வைத்தியரைக் கேளாமல் புரதத்தின் அளவைக் கூட்டலாகாது.