தேடுகிறவர் எந்த மொழியில் தட்டுகிறார்?

மதுரையில் ஒரு மொட்டை மாடி. தொட்டியில் நிற்கும் செம்பருத்தியின் கொழுந்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. செடிக்காரர் கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார். என்ன தட்டுவார்? ‘மாவுப்பூச்சி’ என்ற பெயர் தெரிந்தவர் அதைத் தட்டுவார். தெரியாதவர் ‘செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி’ என்று தேடுவார். தமிழ் விசைப்பலகை பழகாதவர் அதையே ஆங்கில எழுத்தில் sembaruthi chediyil vellai poochi என்று அடிப்பார். hibiscus mealybug என்று தேடுகிற இன்னொருவரும் அதே தெருவில் இருப்பார்.

வலைப்பூ எழுத வேண்டும், நாலு பேர் படிக்க வேண்டும், கொஞ்சம் காசும் வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது தமிழா, ஆங்கிலமா என்பதைத்தான். இந்த நால்வரில் யாருக்காக எழுதுகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் மொழி தானாக முடிவாகிவிடும் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில்தான் காசு என்று கேள்விப்பட்டு, தனக்கு வசப்படாத நடையில், தான் பார்த்தேயிராத வாசகருக்கு எழுதத் தொடங்குவதுதான் இதில் மிகவும் வீணாகும் உழைப்பு.

மாடித்தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எழுத நினைப்பவர் பத்து ஆண்டாகச் செடி வளர்க்கிறார். முதல் கட்டுரை மாவுப்பூச்சி பற்றி. எழுத உட்காருவதற்கு முன் ஒரு மணி நேரம் அந்த நால்வரைப் போலவே தேடிப் பார்க்கட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பெரிய தோட்டக்கலைத் தளங்களும் நிற்கும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த பெயர் அவற்றுக்கு உண்டு. நேற்றுப் பிறந்த வலைப்பூ அவற்றைத் தாண்டி மேலே வருவது மிகக் கடினம். தமிழில் தேடினால் காட்சி வேறு. காணொளிகள், செய்தித் தளங்களின் சிறு துணுக்குகள், அப்புறம் விவசாயிக்காக எழுதப்பட்ட வேளாண் குறிப்புகள். அந்தக் குறிப்புகள் சரியானவைதான், ஆனால் எக்டேர் கணக்கில் பேசும். ஆறு தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்க் கணக்கு வேண்டும்.

எழுதும் இடம் அங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலப்பதற்காகச் சில சொட்டுக் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளித்து, வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். எறும்பைக் கட்டுப்படுத்தாவிட்டால் பூச்சி திரும்ப வந்துவிடும். இதைத் தன் செடியில் செய்து, முதல் நாளும் இருபதாம் நாளும் எடுத்த படங்களோடு போட்டால், துணுக்குகளில் கிடைக்காதது வாசகருக்குக் கிடைத்துவிடும். காணொளியோடு போட்டி போட முடியுமா என்று கேட்பார்கள். செய்து காட்டுவதில் முடியாது. ஆனால் தெளிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு ‘எத்தனை மில்லி?’ என்று பார்க்க நினைப்பவர் பன்னிரண்டு நிமிடக் காணொளியை ஓட்டித் தேட மாட்டார். அளவு, நாள், விலை, ஒப்பீடு ஆகியவை எழுத்துக்குச் சொந்தமான இடங்கள். தமிழில் தொடங்குகிறவர் அங்கே நிற்பது நல்லது.

கட்டுரைக்குள் நால்வரின் சொற்களும் இயல்பாக வர வேண்டும். தலைப்பில் ‘செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி’ என்று மக்கள் சொல்லும் சொல். முதல் பத்தியில் ‘இதன் பெயர் மாவுப்பூச்சி, ஆங்கிலத்தில் மீலிபக்’ என்ற விளக்கம். ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழைக் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும், ஆகவே கட்டுரை முழுவதையும் அப்படி எழுத வேண்டியதில்லை. படிக்கவும் அது துன்பம்.

தமிழில் எழுதுகிறவர் மட்டும் விழும் ஒரு குழி உண்டு. கூகுளின் இலவச பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு கொடுத்தால், அது தமிழ் எழுத்தை முகவரியில் ஏற்காது. பக்கத்தின் முகவரி blog-post_27.html என்று வந்து நிற்கும். எதைப் பற்றிய பக்கம் என்று அதிலிருந்து யாருக்கும் தெரியாது. வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் %E0%AE%AE போல ஒன்பது எழுத்தாக மாற்றிச் சேமிக்கும். அதற்கு அங்கே 200 எழுத்து அளவுதான் இடம். கணக்குப் போட்டால் இருபத்திரண்டு குறிகள். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் இரண்டு மூன்று சொல்லிலேயே முகவரி அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் வரிக்கணக்கில் சதவீதக் குறிகளாகத் தெரியும். தப்பிக்கும் வழி எளிது. இரண்டிலும் முகவரியை நாமே தட்டலாம்:

```
sembaruthi-maavu-poochi
```

வெளியிடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால், முன்பு பகிர்ந்த இணைப்புகள் உடையக்கூடும்.

இனி காசு. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்கள் தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பிப்ரவரியில்தான் வந்தன. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதியவருக்கு அந்த வாசல் முறையாகத் திறக்கவில்லை. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்தில் விளம்பரதாரர்களுக்குள் ஏலம் நடக்கிறது. படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மொழி, எந்தப் பொருள் என்பதை வைத்து விலை ஏறும், இறங்கும். தமிழ்ப் பக்கத்துக்கு ஏலம் கேட்பவர்கள் குறைவு, ஆகவே விலையும் குறைவு. அதே தமிழ்ப் பக்கத்தை டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் திறந்தால் அந்த ஊர் விளம்பரதாரர் ஏலத்துக்கு வருவார், தொகையும் கூடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நம் வசதிக்கு வைத்துக்கொள்பவை. மாதம் 15,000 முறை பக்கங்கள் பார்க்கப்படுகின்றன, ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் வருகிறது என்றால் மாதம் ஏழரை டாலர். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் வங்கிக்கு அனுப்பும், அதற்குப் பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதே 15,000 பார்வை அமெரிக்க வாசகரிடமிருந்து வந்து, ஆயிரத்துக்கு ஐந்து டாலர் என்று வைத்தால் மாதம் 75 டாலர். ஆங்கிலத்தில்தான் காசு என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. அந்தக் கணக்கில் விடுபடுவது, மதுரை மாடிக்காரருக்கு அந்த 15,000 அமெரிக்க வாசகர் எங்கிருந்து வருவார் என்பதுதான். அவர்களுடைய பனிக்காலமும் தெரியாது, கடையில் கிடைக்கும் மருந்தும் தெரியாது.

10 டாலர் சேர்ந்தவுடன் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். நான்கு மாதத்துக்குள் அதை இடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கிராமத்து முகவரிக்குத் தபால் தாமதமாகலாம், அதனால் கதவு எண், அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகக் கொடுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து அன்பால் வருவது. தம்பியும் சித்தியும் நண்பர் குழுவும் உதவி என்று நினைத்து விளம்பரங்களைச் சொடுக்குவார்கள். கூகுள் இதைப் போலிச் சொடுக்கு என்று கண்டுபிடித்தால் சேர்ந்த தொகையைக் கழிக்கும், கணக்கையே மூடவும் செய்யும். மூடிய கணக்கைத் திரும்பப் பெறுவது அரிது. ‘படியுங்கள், விளம்பரத்தைத் தொடாதீர்கள்’ என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆக, தமிழில் எழுதுகிறவர் விளம்பரத்தைப் பக்க வருமானமாக வைத்துக்கொண்டு, முதல் வருமானத்தை வாசகரிடமே தேடுவது நல்லது என்பேன். தன் செடியைக் காப்பாற்றிக் கொடுத்தவர் சொல்வதை வாசகர் நம்புவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர இணைய வகுப்பு, ஆளுக்கு 200 ரூபாய், இருபத்தைந்து பேர் வந்தால் 5,000 ரூபாய். மேலே போட்ட கணக்கில் விளம்பரம் பல மாதம் கழித்துத் தரும் தொகை அது. விதை விற்கலாமே என்று தோன்றும், அவசரப்படாதீர்கள். 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை வணிகத்துக்கு உரிமம் வாங்க வேண்டும்.

கட்டுரைகளைத் தொகுத்து அமேசான் கிண்டிலில் மின்னூலாக்குவது இன்னொரு வழி. 2016 முதல் அங்கே தமிழில் நூல் வெளியிடலாம். வாசகர் படிக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று தரும் திட்டத்தில் சேர்ந்தால் ஒரு நிபந்தனை உண்டு: 90 நாள் அந்த உள்ளடக்கம் இணையத்தில் வேறெங்கும் முழுமையாக இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவும் ‘வேறெங்கும்’ என்பதில் அடங்கும். கட்டுரைகளை அப்படியே அள்ளி நூலாக்கிவிட்டு, வலைப்பூவில் விட்டுவைத்தவர் விதியை மீறியவர் ஆகிவிடுவார். அந்தத் திட்டத்தில் சேராமல் விலைக்கு மட்டும் விற்றால் இந்தத் தடை இல்லை. நூலுக்கென்று புதிதாக எழுதுவது இன்னும் நல்லது.

ஆங்கிலம் பொருந்தும் இடமும் உண்டு. பொருள் தமிழருடையதாக இருந்து வாசகருக்குத் தமிழ் படிக்க வராதபோது ஆங்கிலத்தில் எழுதுங்கள். பாட்டி செய்த எள்ளுருண்டையைத் தேடும் லண்டன் பேத்தி, செட்டிநாட்டுக் குழம்பைச் செய்து பார்க்க விரும்பும் புனேக்காரர், தஞ்சைக் கோயிலுக்கு வரத் திட்டமிடும் பயணி. ராக்ஸ் கிச்சன், பதுஸ் கிச்சன் போன்ற தளங்கள் நம் வீட்டுச் சமையலை ஆங்கிலத்தில் எழுதித்தான் வாசகரைச் சேர்த்தன. இங்கே அமெரிக்கப் பல்கலைக்கழகம் போட்டிக்கு வராது, ஏனென்றால் பாகு பதம் நமக்குத்தான் தெரியும். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியையும் கலக்காதீர்கள், படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் குழப்பம். ஒரு மொழியில் முப்பது நாற்பது கட்டுரை சேர்ந்த பிறகு இன்னொன்றை யோசிக்கலாம்.

தேர்ந்த மொழி சரிதானா என்பதை நான்கைந்து மாதத்தில் கண்டுகொள்ளலாம். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்துவைத்தால், எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், எத்தனையாவது இடம் என்று சொல்லும். ஐந்தாவது இடத்தில் 400 முறை காட்டப்பட்டு மூன்று பேர்தான் சொடுக்கினார்கள் என்றால், கோளாறு தலைப்பில். நாற்பதாவது இடத்திலேயே கிடந்தால் போட்டி உங்கள் சக்திக்கு மீறியது, அல்லது கட்டுரை மற்றவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. காட்டப்படவே இல்லை என்றால், அப்படி யாரும் தேடுவதில்லை, அல்லது பக்கம் கூகுளின் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. இரண்டாவதா என்று அங்கேயே முகவரியைக் கொடுத்துப் பார்த்துவிடலாம்.

அந்தப் பட்டியலில் நீங்கள் எதிர்பாராத வரிகளும் இருக்கும். மாவுப்பூச்சிக் கட்டுரைக்கு ‘செம்பருத்தி செடியில் எறும்பு வருவது ஏன்’ என்று தேடியவர்கள் வந்திருப்பார்கள். நீங்கள் எறும்பைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருப்பீர்கள். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு வருகிறது, அதற்காகவே பூச்சியைப் பாதுகாக்கவும் செய்கிறது. இது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த கட்டுரையின் தலைப்பு அவர்கள் தட்டிய அந்த வரிதான்.