வலி எங்கே வருகிறது? மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் விவரம்

தாம்பத்திய உறவின்போது வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், மருத்துவர் முதலில் கேட்பது "எங்கே வலிக்கிறது?" என்பதைத்தான். உறவு தொடங்கும்போதே பிறப்புறுப்பின் வாயிலில் வலிக்கிறதா, அல்லது உள்ளே அடிவயிற்றில் வலிக்கிறதா? இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு.

வாயிலில் எரிச்சலாகவோ கிழிப்பது போலவோ வலித்தால், பிரச்சினை அநேகமாக அங்கேயே இருக்கும். வறட்சி, பூஞ்சைத் தொற்று (தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்து வரும்), பிரசவத் தையல் தழும்பு ஆகியவை சாதாரணக் காரணங்கள். நிஃபாஸ் முடிந்து குளித்துவிட்டதாலேயே உடல் முழுவதும் ஆறிவிட்டது என்று ஆகாது. பாலூட்டும் தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்திருப்பதால் மாதக்கணக்கில் வறட்சி இருக்கலாம். இது ஆசைக் குறைவு அல்ல. கணவர் இதைப் புரிந்துகொண்டாலே பாதி சங்கடம் தீரும். மருந்துக் கடையில் கிடைக்கும், தண்ணீர் கலந்த வழுவழுப்பு ஜெல் உதவும். சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவுவது எரிச்சலைக் கூட்டும்.

புதுமணத் தம்பதியரில் சிலருக்கு, முயலும்போதெல்லாம் தசைகள் தாமாகவே இறுகி உறவே இயலாமல் போகும். இதற்கு வெஜினிஸ்மஸ் என்று பெயர். மனைவி வேண்டுமென்றே மறுக்கிறாள் என்று இரு வீட்டாரும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கண் இமையில் தூசி விழப்போனால் இமை மூடுவதைப் போன்றது இது; அவள் கையில் இல்லை. வலுக்கட்டாயமாக முயன்றால் இறுக்கம் அதிகமாகும். இடுப்புத் தசைப் பயிற்சியும் படிப்படியான சிகிச்சையும் நல்ல பலன் தரும்.

ஆழத்தில் வரும் வலி வேறு கதை. உதாரணமாக, 27 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உறவின்போது ஆழத்தில் குத்துகிறது, மறுநாள் வரை அடிவயிறு கனக்கிறது. மாதவிடாய் நெருங்கும்போது அது கூடுகிறது. மாதவிடாய் வலியும் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கவும் வலிக்கிறது. இவை சேர்ந்திருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற சந்தேகம் வலுக்கும். கர்ப்பப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, வெளியே சினைப்பை, குடல் போன்ற இடங்களில் வளர்வதுதான் இது. குழந்தைப்பேறு தாமதமாகவும் இது காரணமாகலாம். சாதாரண ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் இந்நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அதனால் "ஸ்கேன் நார்மல்" என்ற தாளோடு நிற்காமல், மேற்சொன்ன அறிகுறிகளை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

சினைப்பைக் கட்டி, மலச்சிக்கல் போன்றவையும் ஆழமான வலி தரும். ஏதாவது ஒரு நிலையில் மட்டும் வலித்து, நிலையை மாற்றினால் வலி இல்லையென்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

ஆழமான வலியோடு காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் இருந்தால் இடுப்புப் பகுதித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை கணவருக்கும் தேவைப்படலாம். உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தால், வலி இல்லாவிட்டாலும் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும்.