300 ரூபாய் பனியன், 519 ரூபாய் ஆன கணக்கு

அவிநாசிப் பக்கம் முப்பது தையல் மிஷின் வைத்து ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பது பத்தாயிரம் பீஸ் பருத்தி டி-ஷர்ட் ஆர்டர். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. துணி, சாயம், தையல், பேக்கிங் எல்லாம் சேர்ந்து பீஸுக்கு 270 ரூபாய் அடக்கம். தூத்துக்குடி வரை லாரி, கிளியரிங் ஏஜென்ட், துறைமுகச் செலவு என்று மொத்தம் 60,000, பீஸுக்கு 6. லாபம் 24. ஆக, கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் எஃப்ஓபி விலை 300.

பையர் பார்ப்பது இந்த 300-ஐ அல்ல, தன் ஊரில் சரக்கு இறங்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் 20 என்று வைப்போம். ஐரோப்பிய ஒன்றியம் அந்த இருபதையும் சேர்த்து 320-க்கு வரி போடும். பொது வரி 12 சதவீதம், அதாவது 38.40, இறங்கும் விலை 358.40. அமெரிக்கா 300-க்கு மட்டும்தான் போடும். ஆனால் அங்கே வழக்கமான வரியே 16.5 சதவீதம் என்பதால் 369.50 வந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. மொத்தம் 66.5 சதவீதம். அதே பனியன் 519.50.

அப்படிப்பட்ட நேரத்தில் பையர் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னால்? 300-ஐ 270 ஆக்கினால் நம்மாளின் லாபம் 24-ம் போய், கையிலிருந்து 6 ரூபாயும் போகும். பையருக்கோ வரியும் சேர்ந்து குறைவதால் 49.95 மிச்சம். அப்போதும் இறங்கும் விலை 469.55, பழைய விலையைவிட நூறு ரூபாய் அதிகம். நம்மாள் நஷ்டப்பட்டும் அந்தச் சட்டை பழைய விலைக்கு வரவில்லை. 8 ரூபாய் மட்டும் குறைத்தால் பையருக்கு 13.32 மிஞ்சும், நமக்கும் 16 நிற்கும். பேரம் பேச உட்காரும் முன் தெரிந்திருக்க வேண்டியது, 66.5 சதவீத வரியில் நாம் விடும் ஒரு ரூபாய் அங்கே 1.665 ரூபாய் என்பதுதான்.

சிறு ஆர்டரில் வேறொரு ஓட்டை. ஆயிரம் பீஸ் அனுப்பினால் ஏஜென்ட் கூலியும் லாரி வாடகையும் பத்தில் ஒன்றாகிவிடாது. 25,000 ஆனாலும் பீஸுக்கு 25. பழைய ஞாபகத்தில் 300 என்று சொல்லிவிட்டால் 5 ரூபாய்தான் நிற்கும்.

மெயிலில் டிடிபி என்று மூன்றெழுத்து இருந்தால் இன்னும் உஷார். கப்பல் கூலியோடு அந்த நாட்டு வரியும் நம் தலையில்தான். சரக்கு கடலில் இருக்கும்போது வரி ஏறினாலும் நாம்தான் கட்ட வேண்டும். அதனால் கொட்டேஷனில் வெறும் விலையை எழுதாமல், ‘எஃப்ஓபி தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020, பத்தாயிரம் பீஸுக்கு, 15 நாள் வரை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார் விவரம் தெரிந்தவர்.