திணிப்புக் கருத்துக்கணிப்பு

திணிப்புக் கருத்துக்கணிப்பு என்பது கருத்துக் கேட்பதுபோல் தொடங்கி, கேட்கப்படுபவரின் மனத்தை மாற்ற முயலும் பரப்புரை ஆகும். “குடிநீர்ப் பணியை முடக்கியவர் இவர்தான் என்று தெரிந்தால் இவருக்கு வாக்களிப்பீர்களா?” என்று ஆவடி வாக்காளர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்பதாகக் கொள்வோம். அவர் என்ன பதில் சொன்னாலும், மெய்ப்பிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டு அவர் காதில் விழுந்துவிடுகிறது. நோக்கமும் அதுவே.

எதிர்மறையான கேள்வி ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. உண்மையான ஆய்வுகளும் அத்தகைய கேள்விகளைக் கேட்பதுண்டு. ஆனால் அவை சில நூறு பேரிடம் பல கேள்விகள் கேட்டு, வயது, பகுதி போன்றவற்றையும் பதிவு செய்யும். திணிப்பு அழைப்போ ஓரிரு கேள்விகளுடன் ஆயிரக்கணக்கானோருக்குச் செல்லும். பதில்களை எவரும் தொகுப்பதில்லை.

ஆய்வு என்ற பெயரில் விவரம் திரட்டுவது இதற்கு நெருங்கிய வடிவம். வருங்காலத் திட்டங்களின் பயனாளிகளாக வாக்காளர்களின் பெயர், கைப்பேசி எண் முதலியவற்றைப் பதிவு செய்வதை உடனே நிறுத்துமாறு 2024 மே 2 அன்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது.

இத்தகைய அழைப்பு வந்தால், நடத்துவது யார், பணம் தருவது யார் என்று முதலில் கேட்க வேண்டும். தெளிவான பதில் இல்லையெனில் வாக்காளர் அட்டை எண்ணோ ஓடிபியோ தராமல் அழைப்பைத் துண்டிக்கலாம். எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.