ஓரத்துச் செருப்பை நீக்க

பெரியம்மா, சீமந்தப் படத்தில் எல்லாரும் அழகாக நிற்கிறீர்கள். ஆனால் கீழே செருப்புக் குவியல், வலது ஓரத்தில் பாதி பிளாஸ்டிக் நாற்காலி. அவற்றை வெட்டிவிடலாம்.

கூகுள் போட்டோஸில் அந்தப் படத்தைத் திறந்து, கீழே உள்ள Edit என்பதைத் தொடுங்கள். அடுத்து Crop. படத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரும். அதன் வலது கீழ் மூலையில் விரலை வைத்து, எடுக்காமல், மெதுவாக உள்பக்கம் இழுங்கள். செருப்பும் நாற்காலியும் ஒரே இழுப்பில் கட்டத்துக்கு வெளியே போய்விடும். கட்டத்துக்குள் இருப்பதுதான் மிஞ்சும்; யார் காலாவது வெட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விரல் மூலையில் படாமல் நடுவில் பட்டால் படமே நகரும். பயப்பட வேண்டாம், மறுபடி மூலையைப் பிடியுங்கள்.

முடிந்ததும் Save copy என்பதைத் தொடுங்கள். வெட்டியது தனிப் படமாகச் சேரும், பழையது அப்படியே இருக்கும்.

இப்படி ஓரங்களை மட்டுமே நீக்க முடியும். நடுவில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் போக மாட்டான்!

ரொம்பவும் வெட்டக் கூடாது. அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி போனால் மிஞ்சுவது கால் பங்குதான். பெரிதாக அச்சிட்டால் முகம் மங்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, இன்னும் சீக்கிரம் மங்கும். சட்டம் போட்டு மாட்டுவதென்றால், எடுத்தவர் போனிலேயே வெட்டச் சொல்லுங்கள்.