டைவர்களுக்கு ஆக்சிஜனே ஆபத்தாவது எப்படி? 33 மீட்டர் கணக்கு இதுதான்!

கடலுக்கடியில் கூடுதல் நேரம் இருக்க, ஸ்கூபா டைவர்கள் நைட்ராக்ஸ் கலவையைச் சுவாசிப்பாங்க. சாதாரண காற்றில் ஆக்சிஜன் 21%. நைட்ராக்ஸ் 32-ல் அது 32%. நைட்ரஜன் குறைவு என்பதால் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனா, ஆழத்துக்கு ஒரு எல்லை இருக்கு.

ஏன் இந்த எல்லை?

கடல் மட்டத்தில் அழுத்தம் 1. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொரு 1 கூடும். 30 மீட்டரில் மொத்தம் 4. அங்கே ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 0.32 × 4 = 1.28. டைவிங்கில் பொதுவாக வைக்கும் உச்ச வரம்பு 1.4.

எல்லையைக் கண்டுபிடிப்பது எப்படி?

1.4-ஐ 0.32-ஆல் வகுத்தால் 4.375. கடல் மட்டத்தின் 1-ஐக் கழித்து, 10-ஆல் பெருக்கினால் 33.75. டைவர்கள் இதை 33 மீட்டர்னு எடுத்துக்குவாங்க. 40 மீட்டருக்குப் போனால் பங்கு அழுத்தம் 1.6 ஆகிடும்.

தாண்டினால் என்ன ஆகும்?

பார்வை சுருங்கலாம், காதில் இரைச்சல் கேட்கலாம், உதடு துடிக்கலாம். எந்த அறிகுறியும் இல்லாமலே வலிப்பும் வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால், வாயில் கவ்வியிருக்கும் சுவாசக் கருவி நழுவிடும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரில் மூழ்குவதுதான்.

சிலிண்டரில் 32% என்று எழுதியிருந்து, உள்ளே 36% இருந்தால்? எல்லை 28 மீட்டராகக் குறையும். அதனாலதான் இறங்குவதற்கு முன் ஆக்சிஜன் அனலைசரில் அளந்து, அளவையும் ஆழத்தையும் சிலிண்டரிலேயே எழுதி ஒட்டுறாங்க.